ஒரு 'மே'க்காகக் காத்திருந்த கதை

இன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 12 மணிக்கு மீட்டிங். பாரிஸில் 12 மணி என்பது நம்மூர் ராகுகாலம் மாதிரி, ஒருவரும் வேலையில் கை வைக்க மாட்டார்கள். அதில் மீட்டிங் வந்து உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

யோசனை பக்கத்து மேசைக்காரியுடையது. திங்கட்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் இழுக்கும் மீட்டிங்கை முக்கால் மணியாகக் குறைத்து, செவ்வாய் மத்தியானம் சாண்ட்விச் கடித்தபடியே முடித்துவிடலாமாம். முதல் பாதிக்குக் கோயில் கட்டலாம். இரண்டாம் பாதி என் சோற்றில் கை வைக்கிறது. ஆனால் எல்லார் முன்னாலும் கேட்டாளே என்று முதலில் பிரெஞ்சில் பாராட்டி வைத்தேன்: "ஸே ஸான் தூத் யூன் போன் இதே."

ஸான் என்றால் இல்லாமல், தூத் என்றால் சந்தேகம். சந்தேகமில்லாமல் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையே பார்த்தது. கடைசியில் அவளே கேட்டாள்: "மே...?"

மே மாதம் இல்லை. 'ஆனால்'.

சாயங்காலம் சின்னவளிடம் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாள். ஸான் தூத் என்றால் 'இருக்கலாம்' என்றுதான் பொருளாம். சந்தேகமே இல்லை என்று சொல்ல நடுவில் ஓக்கன் சேர்த்து 'ஸான்ஸோக்கன் தூத்' என்க வேண்டுமாம். வெறும் ஸான் தூத்தில் ஆரம்பித்தால், பின்னால் ஒரு 'மே' வருகிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்களாம்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் மனைவியின் 'தான்' இது. "உப்புமா நல்லா இருக்கு" என்றால் பாராட்டு. "நல்லாதான் இருக்கு" என்றால் அடுத்த வாக்கியத்தில் உப்போ, தண்ணீரோ, என் அம்மாவோ வரப்போகிறார்கள். பத்தொன்பது வருடமாக வீட்டில் கேட்கும் இலக்கணத்தை ஆபீஸில் கோட்டை விட்டேன்.

அப்புறம் டியூஷன். நான் 'ஸெர்த்' என்று ஆரம்பித்தேன். உண்மைதான் என்று பொருள். அவள் கட்டுரைகளில் வரிக்கு வரி வருகிறதே! "ப்பா, அது எழுதுறதுக்கு. மீட்டிங்ல சொன்னா 'ஆயினும் நண்பரே'ன்னு பேசுற மாதிரி இருக்கும்." சரி, 'பியான் க' போட்டேன். 'இருந்தாலும்' அது. அதன் பின்னால் வினை 'ஏ' என்று வரக்கூடாது, 'ஸுவா' என்று உருமாற வேண்டும். நான் 'ஏ' என்றேன். அவள் காதைப் பொத்தினாள். வினை மாறாத 'மெம் ஸி' இருக்கிறது, வயசான காலத்தில் அதையே பிடித்துக்கொள் என்றாள்.

கடைசியில் மூன்று துண்டாக ஒன்றை உருட்டினோம். முதலில் 'ஸே வ்ரே க': திங்கள் மீட்டிங் ரொம்ப நீளம் என்பது உண்மை. அடுத்து 'லா தஸ்யூ, ஜ த ரஜ்வான்': அந்த விஷயத்தில் நான் உன் பக்கம். இது முக்கியமாம். எந்த விஷயத்தில் ஒத்துப்போகிறோம் என்று பேர் சொல்லிக் கொடுத்தால்தான், மீதியை மறுக்கும்போது மூஞ்சி சுருங்காது. பிறகு 'ஆன் ரவான்ஷ்', அதாவது 'அதேசமயம்', என்று திரும்பி, 'மிதி, ஸா மராஞ்ஜ் முவான்': பன்னிரண்டு மணி எனக்கு அவ்வளவு தோதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடாது, 'அவ்வளவு' குறைவு என்று சொல்ல வேண்டும். இதற்கு நாம் தலையை ஒரு பக்கமாக ஆட்டினால் போதும். இவர்களுக்கு மூன்று வாக்கியம்.

வியாழக்கிழமை மூன்றையும் பிசகாமல் சொன்னேன். ஸுவா தேவைப்படவே இல்லை. பக்கத்து மேசைக்காரி ரொம்ப மரியாதையாகத் தலையசைத்து, "ஜான்தான் பியான்" என்றாள். நன்றாகக் கேட்கிறதாம். ஜெயித்துவிட்டோம் என்று பெருமையாக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலமே மெயில்: செவ்வாய், 12 மணி, சாண்ட்விச் அவரவர் பொறுப்பு.

"ப்பா, கேட்குதுன்னுதானே சொன்னாங்க. ஒத்துக்கிறேன்னு சொன்னாங்களா? அதுக்கும் பின்னாடி ஒரு 'மே' இருக்கு, அவங்க வாய்விட்டுச் சொல்லலை, அவ்வளவுதான்."

மனைவியிடம் இனி செவ்வாய்க்கிழமை டிபன் பாக்ஸ் வேண்டாம், சுடவைக்க நேரமிருக்காது, ரொட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"சரிதான்" என்றாள்.

நானும் அந்த அறை மாதிரியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

இன்று காலை பையைத் திறந்தால் பாக்ஸ் இருக்கிறது. எலுமிச்சை சாதம், மேலே இரண்டு வடகம். போன் போட்டுக் கேட்டேன்.

"ஆறினாலும் சாப்பிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.