ஜன்னல் கதவைப் பிடிக்க எத்தனை கிலோ? பம்புசெட் தண்ணீரில் அளந்து பார்த்த அனுபவம்

பாலிடெக்னிக்கில் பாய்ம இயக்கவியல் பேப்பரில் இரண்டு முறை அரியர் வைத்தேன். இரண்டு முறையும் கேள்வி ஒன்றேதான். சாய்வான தட்டில் தண்ணீர்த் தாரை மோதுகிறது, தட்டைப் பிடித்து வைக்கத் தேவையான விசையைக் கண்டுபிடி. விடை `F = ρQV sinθ` என்று மனப்பாடமாகத் தெரியும். ρ தண்ணீரின் அடர்த்தி, Q விநாடிக்கு வருகிற நீர் அளவு, V தாரையின் வேகம், θ தாரைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள கோணம். ஆனால் வழிமுறை எழுதும்போது தாரை போகிற திசையை x என்று வைத்துத் தொடங்குவேன். மோதிய தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரியாததால் Q1, Q2 என்று இரண்டு தெரியாத எண்கள் வந்து நிற்கும். அங்கேயே பேனாவை வைத்துவிடுவேன்.

அது தெளிந்தது வகுப்பில் இல்லை, களக்காடு பக்கம் பெரியப்பாவின் வாழைத்தோட்டத்தில். மோட்டார் தண்ணீர் விழுகிற இடத்தில் வாய்க்கால் கரை அரித்துக்கொண்டே போனது. வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய ஜன்னல் கதவு ஒன்றைக் கீலோடு ஒரு முளையில் மாட்டி, குழாய்க்கு எதிரே சாய்வாக நிறுத்தி, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பலாம் என்று பெரியப்பா யோசித்தார். கதவு தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் கயிறு கட்ட வேண்டும். "ஏல, நீ இதத்தான படிக்க? எம்புட்டு இழுக்கும்னு சொல்லு, அதுக்குத் தக்கன கயிறு போடுதேன்" என்றார்.

முதலில் நீர் அளவு. 200 லிட்டர் பேரலைக் குழாய்க்குக் கீழே வைத்து நேரம் பார்த்தோம். மூன்று தடவையும் 25 விநாடிக்கு ஒட்டியே வந்தது. அதாவது விநாடிக்கு 8 லிட்டர், எடையில் 8 கிலோ. குழாய் வாயின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்து 50 மி.மீ. என்று எழுதிக்கொண்டேன். பரப்பால் வகுத்தால் வேகம் விநாடிக்கு 4.07 மீட்டர். கதவைத் தாரையோடு 30 பாகையில் நிறுத்தினோம். இந்தக் கோணம் தாரைக்கும் தட்டின் முகத்துக்கும் நடுவே உள்ளது. சில கணக்குகளில் தட்டின் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்திருப்பார்கள், அப்போது sin போய் cos வந்துவிடும். என் வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் தவறினார்கள்.

8 × 4.07 × 0.5 = 16.3 நியூட்டன். கிலோ கணக்கில் 1.66. "ரெண்டு கிலோகூட இல்ல பெரியப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கயிற்றின் நடுவே மாட்டினோம். தாரை மோதுகிற இடத்துக்கு நேர் மேலே, கதவின் மேல்விளிம்பில் கொக்கி அடித்து, கயிற்றின் மறுமுனையைக் குழாயைத் தாங்கும் தூணிலேயே கட்டினார். அதுதான் பக்கத்தில் இருந்த உறுதியான பொருள். மோட்டாரைப் போட்டதும் முள் 3 கிலோவைத் தொட்டு நின்றது.

எனக்கு முகம் வெளிறிவிட்டது. கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. sinθ என்பதே பொய்யோ என்று தோன்றியது. கதவை 45 பாகைக்குத் திருப்பிப் பார்த்தோம், அப்போதும் முள் அதே 3-க்குப் பக்கத்தில்தான். கோணத்தைப் பற்றிக் கவலையே படாத தராசு!

வரப்பில் உட்கார்ந்து நோட்டில் படம் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் கதவின் முகத்தில் வழுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. உராய்வை விட்டுவிட்டால் அது கதவை நீளவாக்கில் இழுக்காது, முகத்துக்குச் செங்குத்தாக மட்டுமே அழுத்தும். ஆகவே அச்சையும் கதவின் முகத்துக்குச் செங்குத்தாக எடுக்க வேண்டும். அந்தத் திசையில் உள்ளே வருகிற தாரைக்கு V sinθ வேகம் இருக்கிறது. வெளியே போகிற தண்ணீர் எல்லாமே முகத்தோடு ஒட்டிப் போவதால், அதற்கு அந்தத் திசையில் வேகம் பூஜ்யம். Q1, Q2 இரண்டும் கணக்கிலேயே வராமல் போய்விடுகின்றன! முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தெரியவே வேண்டியதில்லை. தாரை திறந்த வெளியில் இருப்பதால் சுற்றிலும் ஒரே காற்றழுத்தம், அழுத்த விசை என்று தனியாக எதையும் சேர்க்கவும் வேண்டாம். பரீட்சையில் அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் 3 கிலோ எங்கிருந்து வந்தது? கயிறு தாரையின் திசையில் இருந்ததால்தான். கதவு கீலில் சுழலக்கூடியது. கயிற்று இழுவை T-யில் கதவுக்குச் செங்குத்தான பங்கு T sinθ மட்டுமே தண்ணீரை எதிர்க்கும், மீதி கதவை நீளவாக்கில் கீலின் மேல் தள்ளும். T sinθ = ρQV sinθ என்று சமன் செய்தால் இரண்டு பக்கமும் sinθ அடிபட்டு T = ρQV ஆகிறது. கோணம் மாறினாலும் முள் அசையாததற்குக் காரணம் இதுதான். தராசு பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பக்கவாட்டில் இன்னொரு முளை அடித்தோம். கயிறு கதவின் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துக் கட்டினோம். 30 பாகையில் முள் 1.5 கிலோவில் நின்றது, 45 பாகையில் இரண்டைச் சற்றே தாண்டியது.

என் கணக்கு 1.66. இந்த வித்தியாசம் உறுத்தியது. மறுநாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாய் வாயில் இருந்த பாசியைச் சுரண்டிக் கழுவி, உள்விட்டத்தை நாலு திசையிலும் அளந்தேன். 52 மி.மீ. இருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் நீர் அளவை பேரலில் அளந்துவிட்ட பிறகு வேகம் விட்டத்தின் இருமடிக்குத் தலைகீழாக மாறும். வேகம் 3.77 ஆகக் குறைந்து, விசை 15.1 நியூட்டன், அதாவது 1.54 கிலோ ஆனது. 45 பாகைக்கு 2.17. தாரை திசையில் கட்டியபோது வந்திருக்க வேண்டியது 3.07. மூன்றும் முள்ளோடு ஒத்துப்போயின. அன்றைக்கு வந்த சந்தோஷம் பரீட்சை பாஸானபோதுகூட வரவில்லை.

ஒன்று கவனித்தேன். கதவு சின்னதாக இருந்தாலோ, தாரை அதன் விளிம்புக்குப் பக்கத்தில் மோதினாலோ தண்ணீர் முழுதாகத் திரும்பாமல் சிதறிப் போகிறது, முள்ளும் இறங்குகிறது. முகத்தோடு ஒட்டி, மெல்லிய தகடுபோலத் தண்ணீர் பரவி ஓடுவது கண்ணில் பட்டால்தான் கணக்கு பொருந்தும்.

சீரான ஓட்டத்துக்குத்தான் இதெல்லாம். மோட்டார் போட்ட முதல் சில நொடிகளில் குழாயில் இருக்கும் காற்றும் தண்ணீரும் மாறி மாறி வந்து மோதும், முள் தாறுமாறாகத் துள்ளும். அதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "அப்போ ரெட்டைக் கயிறா போட்டுருவோம்ல" என்று சொல்லி, கயிற்றைப் பக்கவாட்டு முளையிலேயே கட்டிவிட்டு மடை மாற்றப் போய்விட்டார்.