அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்த இரவு

பதினோரு முட்டைகளுடன் அடையில் இருந்த கோழி, ஒன்பதாம் நாள் இரவு கூட்டை விட்டு வெளியே வந்து முருங்கைக் கிளையில் ஏறிக்கொண்டது. பாம்பாக இருக்கும் என்று டார்ச்சும் தடியுமாகப் போனேன். கூட்டுக்குள் கையை விட்டு முட்டைகளைத் தொட்ட சில நொடிகளில் முழங்கை வரை ஏதோ ஊரத் தொடங்கியது. வெளிச்சத்தில் பார்த்தால், கடுகை விடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை நசுக்கினேன். ரத்தம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எங்கள் தோட்டம். இங்கே கோழி மேல் ஊரும் எதையும் செள்ளு என்றுதான் சொல்வோம். அந்த ஒரே பெயர்தான் என்னைப் பத்து நாள் ஏமாற்றியது. கொண்டை வெளுத்திருப்பதையும் முட்டை குறைந்திருப்பதையும் பார்த்துவிட்டு, பகலில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து இறகை விலக்கித் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது. பேன் கோழி மேலேயே குடியிருக்கும். இந்தச் சிவப்புச் செள்ளு இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டு, விடியும் முன் பலகை இடுக்குக்குத் திரும்பிவிடும். நோயாளி கோழி என்றாலும் வைத்தியம் கூட்டுக்குத்தான்.

முதலில் அடைக்கோழியைக் கவனித்தேன். ஒரு மூங்கில் கூடையில் புது வைக்கோல் பரப்பி, முட்டைகளை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து அதில் வைத்தேன். கழுவவில்லை; ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். வேப்பெண்ணெயையும் முட்டைகளின் பக்கம் கொண்டு போகவில்லை. எண்ணெய் ஓட்டின் நுண்துளைகளை அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். கூடையைத் திண்ணையில் வைத்துக் கோழியை உட்கார வைத்ததும் அடங்கிக்கொண்டது. அதன் இறகோடு வந்த சில செள்ளுகள் வைக்கோலில் ஒளிந்திருக்கும் என்பதால், மூன்றாம் நாள் வைக்கோலை மட்டும் மாற்றிப் பழையதை எரித்தேன்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைக் கொண்டு வந்து, “கலக்கித் தெளித்துவிடு, ஒரே நாளில் முடிந்துவிடும்” என்றார். முட்டையிடும் கோழிக்கு என்று எழுதாத மருந்தைத் தெளித்தால், அது கோழியின் கொழுப்பில் தங்கி மஞ்சள்கரு வழியாக நம் தட்டுக்கே வரக்கூடும். 2017இல் நெதர்லாந்தில் இதே செள்ளுக்காகக் கொட்டகைகளில் ஃபிப்ரோனில் கலந்த மருந்து அடிக்கப்பட்டு, லட்சக்கணக்கான முட்டைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. “அப்படியானால் கூட்டைப் பதினைந்து நாள் பூட்டிப் போடு, பட்டினியில் சாகும்” என்றார். அதுவும் பலிக்காது. ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடிய பிராணி இது.

மற்ற ஒன்பது கோழிகளையும் காலையில் வெளியே விட்டு, இரவுக்குக் கொடாப்பில் அடைத்தேன். கூட்டிலிருந்த உமியையும் வைக்கோலையும் வாரி எரித்தேன். கோழிகள் அமரும் கம்பைக் கழற்றியபோதுதான் கதை புரிந்தது. கம்பின் முனை செருகியிருந்த துளையில் சாம்பலைக் கொட்டியதுபோல் வெள்ளை உரித்தோல், அதற்கடியில் குவியலாகச் செள்ளு. பழைய கத்தியால் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டினேன். கொதிக்கும் தண்ணீரைக் கெண்டியால் இடுக்குகளுக்குள் ஊற்றினேன். மேலாகத் தெளித்தால் பலகையைத் தொடும்போதே சூடு ஆறிவிடும். நாள் முழுதும் வெயிலில் காய்ந்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கரைய வைக்கச் சிறிது சோப்பும் கலந்து, துளைகளிலும் பலகைச் சந்திப்புகளிலும் தூரிகையால் அப்பினேன். நன்றாக உலர்ந்து வாடை குறைந்த பின்பே, மூன்றாம் நாள் கோழிகளை உள்ளே விட்டேன்.

பலர் இங்கேதான் கைகழுவிவிடுகிறார்கள். தப்பிய செள்ளு முட்டைகள் இரண்டு மூன்று நாளில் பொரிந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமே முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் ஆறாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் அதே வேலையை மறுபடி செய்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது என்பது உண்மை.

இடையில், மடிப்புகள் கொண்ட அட்டைப்பெட்டித் துண்டைக் கம்பின் அடியில் கட்டி வைத்தேன். ஒளிய இடம் தேடி அதற்குள் போகும். ஆறாம் நாள் அதை வெள்ளைத் தாளில் தட்டியபோது இருபதுக்கு மேல் உதிர்ந்தன. பன்னிரண்டாம் நாள் மூன்று. அடுத்த வாரம் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் அட்டையைக் கழற்றவில்லை, ஏனென்றால் கூட்டின் ஓட்டுக்கடியில் மைனா கூடு ஒன்று இருந்ததைக் கடைசியில்தான் கண்டேன். அதிலும் இதே செள்ளு. குஞ்சுகள் பறந்து போன கூடு என்பதால் எடுத்து எரித்துவிட்டு, ஓட்டின் சந்தில் கம்பி வலையை அடித்தேன்.

திண்ணைக் கூடையில் இருபத்தோராம் நாள் ஏழு முட்டைகள் பொரிந்தன. மிச்சம் நான்கில் இரண்டு கூழ்முட்டை.