12 வரை விடுப்பு

"அப்ப மேடம் வந்துட்டாங்களா, இல்லையா?"

"12 வரைக்கும் லீவு சார். நாளைக்குத்தான் வருவாங்க."

"12-ன்னு பார்த்துட்டுத்தானே காலைல மறுபடி மெயில் போட்டேன்! முதல் மெயிலுக்கு லீவுன்னு பதில் வந்துச்சு. இன்னிக்கு அது வரலை. வந்துட்டாங்கன்னுதானே நினைப்பேன்?"

இதற்கு நான் "12-ம் சேர்த்துத்தான் சார்" என்றேன். சரியான பதில்தான். ஆனால் எதிர்முனையில் இருந்தவருக்கு அதனால் என்ன பயன் என்று யோசித்தால் இன்றும் உறுத்துகிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பழைய விலையில் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது மெயிலுக்கு ஏன் பதில் போகவில்லை என்பதைப் பிறகு நிதானமாக யோசித்தேன். அவுட்லுக்கில் விடுப்புப் பதிலைப் போட்டுவைத்தால், அது ஒரு முகவரிக்கு ஒருமுறைதான் போகும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் அதே ஆளுக்கு இன்னொரு முறை. (ஜிமெயிலில் நான்கு நாள் இடைவெளி விட்டு எழுதினால் திரும்பவும் போகும்.) இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் பதில் அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விடுப்பின் கடைசி நாளில் இரண்டாம் முறை எழுதுகிறவருக்கு அந்த மௌனம், ஆள் திரும்பிவிட்டார் என்றுதான் படும். "12 வரை" என்று ஏற்கெனவே படித்திருந்தால் சந்தேகமே வராது. "13, வியாழக்கிழமை காலை பணிக்குத் திரும்புகிறேன்" என்று இருந்திருந்தால் அவர் புதன்கிழமை காத்திருந்திருக்க மாட்டார். கிழமையும் சேர்ந்திருப்பது நல்லது: தேதி தவறாக விழுந்திருந்தாலும் இரண்டும் பொருந்தாதபோது படிப்பவர் நின்று யோசிப்பார்.

மறுநாள் மேடத்திடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "உன் பேரைப் போட்டிருந்தேனேப்பா" என்றார். போட்டுத்தான் இருந்தார். என் பெயர், எக்ஸ்டென்ஷன் எண், எல்லாம் இருந்தது, நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கான பெட்டியில். அவுட்லுக்கில் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பெட்டி, வெளியாட்களுக்கு இன்னொன்று. இரண்டாவதில் எப்போதோ எழுதிய பழைய வாசகம் கிடந்தது. அதில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்: "12 வரை விடுப்பு. அவசரமெனில் எங்கள் குழுவைத் தொடர்புகொள்ளவும்."

எந்தக் குழு, எந்த எண்? வாடிக்கையாளர் வரவேற்பறை எண்ணைத் தேடிப்பிடித்து, மூன்று பேரிடம் மாறி, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார். விடுப்பில் போகுமுன் வேறொரு சொந்த முகவரியிலிருந்து தனக்கே ஒரு மெயில் போட்டுப் பார்த்தால் வெளியாள் என்ன பார்ப்பார் என்பது தெரிந்துவிடும். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. பதினைந்து வருடம் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?

பழைய விலையை இரண்டு நாள் நீட்டித்து அவரே விஷயத்தை முடித்துக் கொடுத்தார். சேதம் ஒன்றுமில்லை. அப்படியென்றால் எனக்கு என்ன பிரச்சினை?

என் பெயர் வெளிப்பெட்டியிலும் இருந்திருந்தால் அந்த மனிதர் முதல் நாளே என்னை அழைத்திருப்பார். நானும் அன்றே "மேடம் வரட்டும் சார்" என்றுதான் சொல்லியிருப்பேன். விலையை நீட்டிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அது மேடத்துக்கும் தெரியும். என் பெயரைப் போட்டார், எதற்கு அழைக்கலாம் என்று போடவில்லை. போடப்போகிறேன் என்று என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தால் மேலாளரிடம் கொண்டுபோயிருக்கலாம் என்பது உண்மை. கொண்டுபோயிருப்பேனா என்பது வேறு கேள்வி. அன்று மாலைகூட மேடத்தை அலைபேசியில் பிடித்திருக்கலாம். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன். அது மரியாதையா, பொறுப்பைத் தட்டிக்கழித்ததா என்பதை நாளுக்கொரு விதமாக நினைக்கிறேன்.

இப்போது என் விடுப்புப் பதில், இரண்டு பெட்டிகளிலும், இப்படி இருக்கிறது:

"13, வியாழக்கிழமை காலை பணிக்குத் திரும்புகிறேன். அதுவரை மெயில் பார்க்க மாட்டேன். விலை, ஒப்பந்தம் தொடர்பாக இன்னாரை இந்த எண்ணில் அழைக்கவும். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழுது, சேவை தொடர்பானவற்றை இந்தப் பொது முகவரிக்கு அனுப்பவும்."

நீளம் என்று மேடம் சிரித்தார். "பேர் போட்டா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிடுவாங்க" என்றும் சொன்னார். அதுவும் நடந்தது. போன முறை நான் பெயர் போட்டிருந்த சக ஊழியர், கடவுச்சொல் மறந்தவர்கள்கூடத் தன்னைத்தான் அழைத்தார்கள் என்று ஒரு நாள் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை அவர் பெயரைப் போடுவதற்கு முன் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்; இன்னும் சொல்லவில்லை.