அந்த 140

மூன்றாம் பிரஸ்ஸில் அன்று இரவு ஷிப்டு அடித்தது 1,500 ரப்பர் புஷ். தேறியது 1,360. மீதியைச் சாக்கில் கட்டி என் மேசையோரம் வைத்துவிட்டு சூப்பர்வைசர் அண்ணன் நின்றார்.

"மக்கா, இத மொத்தமா போடாத. நாலு நாளா பிரிச்சுப் போடு. ஒன்பது பர்சென்ட்னு ரிப்போர்ட் போனா பிள்ளைகளுக்கு இன்சென்டிவ் போயிரும்."

SAP-இல் உற்பத்தியைப் பதியும் CO11N திரையில், தேறியதைக் காட்டும் ஈல்டு கட்டத்தில் 1,360 என்று அடித்தேன். ஸ்க்ராப் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கன்பர்மேஷன் போட்டதும் ரப்பர் காம்பவுண்டு ஸ்டாக்கிலிருந்து தானாகக் கழிகிற ஆர்டர் அது. நல்லதையும் கழிவையும் கூட்டித்தான் கழிக்கும். ஒரு புஷ்ஷுக்கு 80 கிராம். ஆக, உண்மையில் 120 கிலோ தீர்ந்திருக்க, கணக்கில் 108.8 கிலோதான் கழிந்தது. 11.2 கிலோ காம்பவுண்டு கணினியில் மட்டும் இருந்தது. அடுத்த நாலு நாளும் வேறு வேறு பிரஸ்ஸின் பெயரில் 35, 35 என்று ஸ்க்ராப் போட்டேன். தினம் 2.8 கிலோவாகக் கழிந்து நேராகிவிட்டது. மாதக் கடைசி ஸ்டாக்கில் ஒரு குறையும் இல்லை. யாருக்கு நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

குலசேகரம் பக்கத்து ஆட்களான எங்களுக்குக் கழிவு என்றால் பெரிய பதற்றம் வராது. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டே. ஆனால் பிரஸ்ஸில் வெந்த ரப்பர் திரும்ப மில்லுக்குப் போய்ப் புது காம்பவுண்டு ஆகாது. அந்தச் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து பிளேடால் பிளந்தேன். வெளியே வழவழப்பு, உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வேக்காடு பத்தவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். கழிவுக்கான காரணக் குறியீடு போடும் இடமும் அதே திரையில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் மெயின்டனன்ஸ் ஆட்கள் மூன்றாம் பிரஸ்ஸைக் கழற்றினார்கள். மேல் பிளேட்டன் ஹீட்டர்களில் ஒன்று எரிந்துபோயிருந்தது. டிஸ்பிளேயில் சூடு சரியாகவே காட்டியிருக்கிறது. சென்சார் இருந்தது நல்ல ஹீட்டர் பக்கம். இடைப்பட்ட நாட்களிலும் அதில் புஷ் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்கே 140 என்று போட்டிருந்தால் உடனே பார்த்திருப்பார்களா? சந்தேகம்தான். ஸ்க்ராப் ரிப்போர்ட்டை சனிக்கிழமைதான் திறப்பார்கள். அண்ணன் கேட்டதும் தனக்காக இல்லை. இப்படி நினைக்கும்போது கொஞ்சம் லேசாகிறது. அப்புறம் மேனேஜர் கேட்டது ஞாபகம் வருகிறது.

"இந்த பிரஸ்ல முன்னாடி ரிஜெக்‌ஷன் ஏதாவது வந்துச்சா?"

"ரிப்போர்ட்ல இல்ல சார்."

அவர் திரையை ஒருமுறை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பிளந்த புஷ் அப்போது என் டிராயரில் இருந்தது.