30 பல் கியர்: ஸ்பான் அளவு 21.43-ல் நின்றது

மாட்யூல் 2, 30 பல், இஎன்8. மில்லிங்கில் டிவைடிங் ஹெட் வைத்து வெட்டிய ஸ்பர் கியர், நினைத்த அளவிலேயே வந்துவிட்டது. பல்லின் தடிமனை ஒற்றைப் பல்லில் அளக்காமல், நாலு பல்லைச் சேர்த்துப் பிடித்து, அதாவது ஸ்பானாக, அளந்ததுதான் காரணம். ஒற்றைப் பல்லில் அளந்தால் வெளிவிட்டத்தில் உள்ள பிழையும் சேர்ந்துகொள்ளும். ஸ்பானுக்கு வெளிவிட்டமே தேவையில்லை.

```
k ≈ z·α/180 + 0.5   (α டிகிரியில்)
W = m·cosα·[π(k − 0.5) + z·inv α]
```

α என்பது பல்லின் அழுத்தக் கோணம், 20 டிகிரிக்கு inv α = 0.014904. k 3.83 வருகிறது, ஆக 4 பல். W = 21.505 மி.மீ. இது பேக்லாஷ் இல்லாத அளவு. பல்லில் 0.08 குறைய வேண்டும் என்றால் அதை cos 20-ஆல் பெருக்கி 0.075 கழிக்க வேண்டும். என் இலக்கு 21.43.

இதோடு ஜோடி சேரும் பழைய கியர் 20 டிகிரியா, 14.5-ஆ என்ற சந்தேகத்தையும் இதே அளவு தீர்த்தது. அதில் நாலு பல்லுக்கும் மூன்று பல்லுக்கும் உள்ள வித்தியாசம் 5.90. அதுதான் π·m·cosα, 14.5 டிகிரியாக இருந்தால் 6.08 வந்திருக்கும். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் கழிக்கும்போது தேய்மானம் அடிபட்டுப் போகும்.

வெர்னியர் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும். தாடையின் தட்டையான முகம் பல்லின் பக்கவாட்டில் தொட வேண்டும். கியர் தளத்திலேயே வெர்னியரை லேசாக ஆட்டிப் பாருங்கள், அளவு மாறவே கூடாது. இன்வால்யூட் வளைவின் குணம் அது. மாறினால் தாடை பல்லின் நுனியில் ஏறியிருக்கும், அல்லது பர் இருக்கும். இந்தக் கியரில் 3, 4, 5 பல் எல்லாமே பிடிக்கலாம். 6 பிடித்தால் தொடும் புள்ளி வெளிவிட்டத்துக்கு அப்பால் போய்விடும், அந்த அளவு பொய். அச்சு வாக்கில் சாய்த்தால் மட்டும் அளவு கூடும், அங்கே குறைந்தபட்ச அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

4.30 ஆழத்தில் நிறுத்தி அளந்தேன்: 21.64. இன்னும் 0.21 குறைய வேண்டும். அதை 2 sin 20, அதாவது 0.684-ஆல் வகுத்தால் 0.31 ஆழம். ஒரேயடியாக இறக்காமல் 0.25 மட்டும் இறக்கினேன், 21.47. அப்புறம் 0.06. சரியாக 21.43.

ஒன்று மட்டும் இதில் தெரியாது: துளைக்கும் பல்வட்டத்துக்கும் மையம் விலகியிருந்தாலும் ஸ்பான் ஒழுங்காகவே காட்டும். மேன்ட்ரலில் மாட்டி, பல் இடுக்கில் ஒரு பின் வைத்து டயல் போட்டுத்தான் அதைப் பார்க்க வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை, சாவிக்காடியும் பாக்கி. அதற்குள் மாட்யூல் 1 கியருக்கு மனசு போய்விட்டது. அந்த இடுக்கில் வெர்னியர் தாடை சரியாக நுழையாது. டிஸ்க் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். புதிது விலை கட்டுப்படியாகாது, பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். 0–25 அளவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.