கணக்கில் காணாமல் போன பாதி சிக்மா வர்க்கம்

மட்டக்களப்பில் கம்பஸ் இறுதி வருடப் பரீட்சைக்கு முன்பு, பழைய வினாத்தாள் ஒன்றில் இந்தக் கணக்கைச் செய்தேன். பங்கு விலை இப்போது 80 ரூபா. ஜியோமெட்ரிக் பிரவுனியன் மோஷன்:

```
dS = 0.10 S dt + 0.50 S dW
```

ஒரு வருட முடிவில் விலை 80 இற்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

0.10 ஐ 0.50 ஆல் வகுத்தேன், 0.2 வந்தது. செவ்வன் அட்டவணையில் 0.5793. வருடத்துக்குப் பத்து வீதம் ஏறுகிற விலைதானே, பாதிக்கு மேல் வரத்தான் வேண்டும் என்று விட்டுவிட்டேன். பிழை.

கல்லடியில் ஒரு பின்னேரம் சீனியர் அக்கா ஒருவரிடம் கொப்பியைக் காட்டினேன். "தம்பி, நூறு ரூபா அம்பது வீதம் ஏறி, பிறகு அம்பது வீதம் இறங்கினா எவ்வளவு?" என்று கேட்டார். 75. நாணயம் சுண்டி இரண்டு தரம் இப்படிச் செய்தால் வரக்கூடியவை 225, 75, 75, 25. சராசரி அதே நூறுதான். ஆனால் நாலில் மூன்று நூறுக்குக் கீழே! சராசரியைத் தூக்கிப் பிடிப்பது அந்த ஒற்றை 225.

ஜிபிஎம்மிலும் இதேதான். செவ்வனாகப் பரம்புவது விலை அல்ல, விலையின் மடக்கை. இட்டோ சூத்திரத்தைப் போட்டால் மடக்கையின் போக்கு μ இலிருந்து σ²/2 குறைகிறது. ஆகவே

```
P(S_T > S_0) = Φ( (μ − σ²/2)√T / σ )
```

நம் கணக்கில் 0.10 − 0.125 = −0.025. அதை 0.50 ஆல் வகுத்தால் −0.05. விடை 0.4801. எதிர்பார்ப்பு விலை 88.41 ரூபா, இடையம் 78.02 ரூபா. நாலு வருடம் காத்திருந்தால் எதிர்பார்ப்பு 119 ரூபாவைத் தாண்டுகிறது, ஆனால் நிகழ்தகவு 0.4602 ஆக இறங்குகிறது. எனக்கு இதை நம்பவே ஒரு நாள் போனது.

இதைப் படித்த சூட்டில் எதிர்ப்பக்கமாக விழுகிறவர்களும் உண்டு. கேள்வி d(ln S) = 0.10 dt + 0.50 dW என்று தந்திருந்தால் கழிவு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. திரும்பக் கழிக்கக் கூடாது. அங்கே 0.5793 தான் சரி. எனவே முதலில் சமன்பாட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள்: dS ஆ, d(ln S) ஆ? காலம் ஆறு மாதம் என்றால் T = 0.5, அதற்கு வர்க்கமூலமும் எடுக்க வேண்டும். இதில் புள்ளி போவது சும்மா போவதுதான்.

விடையைச் சரிபார்க்க நான் செய்வது: μ இன் இரு மடங்குக்கு வர்க்கமூலம் எடுப்பேன். இங்கே √0.20, கிட்டத்தட்ட 0.447. dS வடிவில் தந்த கேள்வியில் σ அதைவிடப் பெரிதாக இருந்தும் விடை 0.5 ஐத் தாண்டினால், பேனையை வைக்காமல் மேலே திரும்பிப் போய்க் கழித்த வரியைத் தேடுவேன்.