உடைக்கப்படாத தரையும் இரண்டு புகைப்படங்களும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொறியியல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், பள்ளிக் கட்டடங்களின் பழுதுபார்ப்புப் பணிகளுக்குப் பணம் கேட்கும் பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டு புகைப்படங்களுடன் வந்து சேரும். ஒன்றின் கீழே ‘பணிக்கு முன்’ என்றும் மற்றொன்றின் கீழே ‘பணிக்குப் பின்’ என்றும் எழுதியிருக்கும். அவற்றை மதிப்பீட்டின் இனங்களோடு ஒப்பிட்டு, சந்தேகம் எழும் இடங்களைக் குறித்து உதவிப் பொறியாளரிடம் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. புதிதாகச் சேர்ந்தது எதுவும் படத்தில் உடனே கண்ணில் பட்டுவிடும். பச்சை நிறக் கரும்பலகை, பளபளக்கும் டைல்ஸ், புது மின்விசிறி ஆகியவற்றைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஆனால் பட்டியலில் ‘அகற்றுதல்’ என்று தொடங்கும் இனங்களும் இருக்கும். பழைய பூச்சைக் கொத்தி அகற்றுதல், பழைய தரையை உடைத்து அகற்றுதல் போன்ற அந்த வேலைகள் நடந்தனவா இல்லையா என்பதைப் புதிய மேற்பரப்பே மூடிவிடுகிறது. இரண்டு படங்களை ஒப்பிடும் வேலையின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஒன்றிலிருந்து வந்த வகுப்பறைப் படங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டும் ஒரே அறைதானா என்பது. ஒரே வரிசையில் ஒரே அளவில் கட்டிய மூன்று வகுப்பறைகள் இருந்தால், வெள்ளையடித்த பிறகு எது எது என்று அங்கே பாடம் நடத்தும் ஆசிரியருக்கே தடுமாற்றம் வரலாம். படத்தோடு பதிவாகும் இடக்குறிப்பு இதற்கு உதவாது; கட்டடத்துக்குள் செல்பேசி காட்டும் இருப்பிடம் பல மீட்டர் தள்ளிப்போகக்கூடியது என்பதால், பள்ளி வளாகம் எது என்று சொல்லுமே தவிர அடுத்தடுத்த இரு அறைகளைப் பிரித்துச் சொல்லாது. எனவே பழுதுபார்ப்பில் யாரும் கை வைக்காத பொருள்களையே தேட வேண்டும். இந்த அறையில் சன்னல் கிராதி மாற்றப்படவில்லை; மதிப்பீட்டில் அதற்கு வண்ணம் பூசுவது மட்டுமே இருந்தது. இடமிருந்து மூன்றாவது கம்பி நடுவில் சற்று வளைந்திருந்ததை இரண்டு படங்களிலும் காண முடிந்தது. கூரையில் உத்தரத்துக்கும் மின்விசிறிக் கொக்கிக்கும் இடையிலிருந்த தூரமும் ஒத்துப்போனது. சன்னலுக்கு வெளியே தெரிந்த பாறையை நான் கணக்கில் எடுக்கவில்லை. படம் எடுப்பவர் ஓரடி நகர்ந்தாலும், தூரத்துப் பொருள் சன்னல் சட்டத்துக்குள் வேறோர் இடத்துக்குப் போய்விடும். தவிர, இந்த மாவட்டத்தில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் ஏதாவது ஒரு பாறை தெரியத்தான் செய்யும்.

அறை ஒன்றுதான் என்று உறுதியான பிறகு வேற்றுமைகளுக்கு வரலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை இங்கும் அங்கும் ஓட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அதைவிட, இரண்டையும் திரையில் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவது நல்லது. மாறாத பொருள் அசையாமல் நிற்கும், மாறிய பொருள் துள்ளும். 1930இல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா என்பவர் புளூட்டோவைக் கண்டுபிடித்தது, வெவ்வேறு இரவுகளில் எடுத்த வானத்தின் படத்தகடுகளை இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கும் கருவியைக் கொண்டுதான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு படங்களுக்கு இடையில் வெற்றுத்திரை ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் தோன்றினாலும் இந்த நன்மை போய்விடும். ரொனால்ட் ரென்சிங்க் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்ட சோதனைகளில், அப்படி ஓர் இடைவெளி விழுந்தபோது, படத்தின் பெரிய மாற்றங்களைக்கூட மக்கள் நெடுநேரம் காணாமல் தவித்தார்கள். எங்கள் அலுவலகத்தின் பழைய கணினி ஒவ்வொரு படத்தையும் திறக்கும்போது திரையைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் காட்டும். அதனால் இரண்டு படங்களையும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகளாக வைத்து, மேலடுக்கை மறைத்தும் காட்டியும் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன்.

புதுப்பித்த அறைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வானத்துப் படங்களில் ஒரு புள்ளி மட்டுமே நகரும். வண்ணம் பூசிய அறையிலோ எல்லாமே மாறிவிடுவதால், மாற்றிக் காட்டும்போது படம் முழுவதும் துள்ளும். நிறத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதே நல்லது. மங்கலான சுவரையும் வெள்ளைச் சுவரையும் செல்பேசி தானாகவே வெவ்வேறு வெளிச்ச அளவில் பதிவு செய்யும் என்பதால், படத்திலுள்ள நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நான் இரண்டு படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கி, கோடுகளை மட்டும் பார்ப்பேன்: சன்னல் சட்டத்தின் விளிம்பு, கதவு நிலையின் தலைப்பு, சுவரும் தரையும் சேரும் கோடு.

இந்த அறையின் இரண்டு படங்களும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை அல்ல. முதல் படத்தில் சன்னல் 480 பிக்சல் உயரமும், இரண்டாவதில் 560 பிக்சல் உயரமும் இருந்தது. அதாவது இரண்டாவது முறை எடுத்தவர் சற்று நெருங்கி நின்றிருக்கிறார். இரண்டாவது படத்தைச் சுருக்கி, இரண்டு சன்னல்களும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும்படி செய்துவிட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். சன்னல் நின்றது. அதற்குக் கீழே தரைக்கோடு சுமார் 20 பிக்சல் மேலே ஏறியது.

கணக்கு எளியதுதான். மதிப்பீட்டின்படி சன்னலின் உயரம் 120 சென்டிமீட்டர். முதல் படத்தில் சன்னலின் அடிவிளிம்பிலிருந்து தரை வரை 360 பிக்சல் இருந்தது. அதை 480ஆல் வகுத்து 120ஆல் பெருக்கினால் 90 சென்டிமீட்டர் வருகிறது. இரண்டாவது படத்தில் அதே இடைவெளி 397 பிக்சல். அதை 560ஆல் வகுத்துப் பெருக்கினால் 85 சென்டிமீட்டர்தான் வருகிறது. சன்னலும் அதன் கீழுள்ள சுவரும் ஒரே தளத்தில் இருப்பதால்தான் இப்படி ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்க முடிகிறது. அறையின் நடுவில் கிடக்கும் மேசையை இந்தச் சன்னலைக் கொண்டு அளந்தால் தவறான விடைதான் கிடைக்கும். தரைக்கோடு மங்கலாக இருந்து நாலைந்து பிக்சல் பிசகினாலும் பிழை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு அது போதாது. சுவரடியில் டைல்ஸ் பட்டை ஒட்டியிருந்ததால், அதன் மேல்விளிம்பைத் தரைக்கோடு என்று நான் எண்ணிவிட்டேனோ என்ற ஐயமும் எழுந்தது. அந்தப் பட்டையின் உயரமே 10 சென்டிமீட்டர் என்பதால், அப்படி எண்ணியிருந்தால் வித்தியாசம் குறைந்தது அவ்வளவாவது காட்டியிருக்கும்.

இன்னும் ஒரு பொறி பாக்கி இருந்தது, அதுதான் பெரியது. புதுத் தரை போட்ட பிறகு படம் எடுப்பவர், தரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று செல்பேசியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பது இயல்பு. அப்படிச் சாய்க்கும்போது சுவரின் கீழ்ப்பகுதி படத்தில் குறுகிவிடும். தரை உயராமலேயே உயர்ந்ததுபோலத் தோன்றும். இதைச் சோதிக்கக் கிராதியே அளவுகோலாக அமைந்தது. குறுக்குப் பட்டைகள் அந்தச் சன்னலைச் சம உயரமுள்ள நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தன. செல்பேசி சாய்ந்திருந்தால் படத்தில் மேல் பகுதி பெரிதாகவும் கீழ்ப் பகுதி சிறிதாகவும் தெரிய வேண்டும். நான்கும் ஏறத்தாழ 140 பிக்சல் என்றே வந்தன. சட்டத்தின் இரு பக்கக் கோடுகளும் கீழே போகப் போக நெருங்கவில்லை. ஆக, சாய்வைக் காரணம் காட்ட வழியில்லை.

அப்படியானால் தரை உண்மையிலேயே ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் கலவையும் ஒரு சென்டிமீட்டர் டைல்ஸும் சேர்ந்தால் வரும் கனம் அது. பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டிருந்தால், மட்டம் பழையபடியே நின்றிருக்கும். மதிப்பீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பட்டியலிலும் 36 சதுர மீட்டர் பழைய தரையை உடைத்து அகற்றியதாக எழுதியிருந்தது.

படத்தை வைத்து யார்மீதும் குற்றம் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. எங்கே டேப்பை வைத்து அளக்க வேண்டும் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உதவிப் பொறியாளரும் நானும் நேரில் சென்றோம். சன்னலின் அடியிலிருந்து தரை வரை அளந்தபோது 85 சென்டிமீட்டர்தான் வந்தது. கதவின் அடிப்பக்கம் புதிதாக இழைக்கப்பட்டு, வண்ணம் படாத பச்சை மரம் தெரிந்தது. தரை உயர்ந்த பிறகு கதவு உரசியதால் அதைச் சீவியிருக்கிறார்கள். வராந்தாவுக்கும் அறைக்கும் இடையே முன்பு இல்லாத ஒரு சிறு படி உண்டாகியிருந்தது. அங்கிருந்த மேஸ்திரி எதையும் மறைக்கவில்லை.

“பழைய தரை கெட்டியா இருந்துச்சு சார். உடைச்சா அடியில இருக்கற மண்ணு இளகிடும், அப்புறம் டைல்ஸு உக்காந்துடும். அதனால கொத்திவிட்டு மேலயே போட்டோம்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விரிசலோ இறக்கமோ இல்லாத தரையின் மேல்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவது தவறான வேலைமுறை அல்ல. சில இடங்களில் அதுவே மேல். தவறு பட்டியலில்தான் இருந்தது. மதிப்பீட்டை அப்படியே நகலெடுத்து எழுதியவர், நடக்காத வேலையையும் சேர்த்து எழுதிவிட்டார். அளவைப் புத்தகத்தில் அந்த ஓர் இனம் நீக்கப்பட்டு, டைல்ஸ் வேலைக்கான தொகை மட்டும் அனுமதிக்கப்பட்டது. குழந்தைகள் தடுக்கி விழாமல் இருக்க, வாசலில் உண்டான படியைச் சிமெண்டுச் சரிவாக மாற்றித் தரும்படி ஒப்பந்தக்காரரிடம் சொன்னோம்.

அதன் பிறகு எங்கள் பணி மேற்பார்வையாளர்களிடம் நான் கேட்டுக்கொண்டவை சில. செல்பேசியைச் சாய்க்காமல் மார்பு உயரத்தில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஓரங்களை இழுத்து நீட்டிவிடும் அகலக் கோணத்தில் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் வழியே அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும் என்பதால் மூலப்படத்தையே தர வேண்டும். இவற்றை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. உடைத்த தரையின் மண் தெரியும்படி வேலையின் நடுவில் ஒரு படம் வேண்டும் என்றபோதுதான் முணுமுணுப்பு எழுந்தது. உடைக்கிற அன்றைக்கே மேற்பார்வையாளர் மலைப்பாதையில் அந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த நாள் போனால் கலவை கொட்டியிருப்பார்கள். சில ஊர்களிலிருந்து அந்த நடுப்படம் வந்தது. வராத ஊர்களின் படங்களில் நான் முதலில் சன்னலையும் தரைக்கோட்டையும் அளந்தேன்.